கலப்பு முறை ஆய்வில் ஒருங்கிணைப்புப் பகுதியை எழுதுதல்: மதுரைக் கண் முகாம் ஆய்வை முன்வைத்து

முன்னுரை

கலப்பு முறையில் அமையும் ஆய்வேடுகள் பலவற்றில் ஓர் அமைப்பு வழக்கமாகிவிட்டது. ஓர் இயல் கணக்கெடுப்பின் அட்டவணைகளைத் தரும்; அடுத்த இயல் நேர்காணல்களில் கிடைத்த கருப்பொருள்களைத் தரும்; அதற்கடுத்தது முடிவுரை. இரண்டு தரவுகளும் சந்திக்க வேண்டிய இடத்தில் ‘நேர்காணல்கள் கணக்கெடுப்பின் முடிவுகளை உறுதிசெய்கின்றன’ என்ற ஒற்றைத் தொடரே நிற்கும். அத்தொடர் நிற்கும் இடத்தில் எழுதப்பட வேண்டிய பகுதி எவ்வாறு உருவாகிறது என்பதை இக்கட்டுரை, மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நடந்த கண் நல ஆய்வு ஒன்றைக் கொண்டு விளக்குகிறது.

முகாமும் ‘செலவு’ என்னும் விடையும்

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய காலம் முதலே இவ்வட்டாரத்தினர் கண் முகாம்களை நன்கறிவர். ஆயினும் முகாம் ஊருக்கே வந்த பின்னும் பார்வை குறைந்தோர் பலர் அங்குச் செல்வதில்லை. இதன் காரணங்களை ஆராய்ந்த ஆஸ்திரிட் பிளெட்சர், ஆர்.டி. துளசிராஜ் முதலியோரின் ஆய்வு 1999இல் வெளிவந்தது. கண் குறைபாடு உடைய பெரியவர்களுள் முகாமுக்குச் சென்றோர் 7 விழுக்காட்டு அளவினரே என்பது அதன் முதன்மைச் செய்தி. செல்லாமைக்கு அச்சம், செலவு, குடும்பப் பொறுப்பு, முதுமை, இருக்கும் பார்வையைக் கொண்டே சமாளிக்கலாம் என்ற எண்ணம் ஆகியன காரணங்களாக வெளிப்பட்டன.

இவற்றுள் செலவு என்பது நின்று நோக்கத்தக்கது. முகாம் இலவசம், அப்படியிருக்கச் செலவு எவ்வாறு தடையாகும்? கணக்கெடுப்பு மட்டும் கையிலிருக்கும் ஆய்வாளர் இதனை, மக்கள் இலவசம் என்பதை அறியவில்லை என்று விளக்கி, விளம்பரத்தைக் கூட்டுமாறு பரிந்துரைக்கக்கூடும். நேர்காணலில் அச்சொல் வேறு பொருள் பெறுகிறது. பேருந்துக் கட்டணம், வெளியில் உண்ணும் உணவு, உடன் வரும் மகனோ மருமகளோ இழக்கும் நாட்கூலி ஆகியவையே அங்குச் செலவு. அறுவைக் கட்டணம் இல்லாமற்போனாலும் இவை குறைவதில்லை. வினாநிரலில் ஒரு கட்டமாக நின்ற சொல், நேர்காணலில் ஒரு குடும்பத்தின் வரவு செலவாக விரிகிறது. எண்ணிக்கை எத்தனை பேர் என்பதைச் சொல்லிற்று. உரையாடல் எந்தச் செலவு என்பதைச் சொல்லிற்று. இவ்விரண்டும் கூடினாலன்றிப் பெறமுடியாத முடிபு ஒன்று உண்டு: தடையாக இருப்பது மருத்துவக் கட்டணம் அன்று, ஒரு வேலை நாளின் இழப்பு. ஒருங்கிணைப்புப் பகுதியின் பணி இத்தகைய முடிபைத் தருவதே. இதனை மேல்முடிபு என்பர்.

இம்முடிபைச் சோதிக்கவும் வழியுண்டு. தென்னிந்திய ஊர்களில் நடந்து 1991இல் வெளியான மற்றோர் ஆய்வில், அறுவையை மட்டும் இலவசமாக்கும் முறையோடு போக்குவரத்து, உணவு முதலியவற்றையும் ஏற்கும் முறை ஒப்பிடப்பட்டது. அறுவைக்கு இசைந்தோர் பின்னதில்தான் மிகுந்தனர்.

இணைப்பு தொடங்கும் இடம்

ஒருங்கிணைப்பு எழுதும் கட்டத்தில் தொடங்குவதில்லை. மாதிரி தேர்வு செய்யும்போதே தொடங்குகிறது. இதே பொருளில் முனைவர் பட்ட ஆய்வொன்று அமைவதாகக் கொள்வோம்: மேலூர் வட்டத்தில் 400 பேரிடம் கணக்கெடுப்பு, 24 பேரிடம் நேர்காணல். நேர்காணலுக்கு உரியோரைக் கணக்கெடுப்பில் பங்கேற்றவர்களுள்ளிருந்தே தெரிவு செய்தல் வேண்டும். செலவைக் காரணமாகக் கூறியோருள் 12 பேர், சமாளிக்கலாம் என்றோருள் 12 பேர் எனத் தெரிவு அமைந்தால், ஒவ்வொரு கருப்பொருளையும் அதற்குரிய எண்ணுடன் பொருத்த இயலும். இதற்கு இரண்டு முன்னேற்பாடுகள் தேவை. வினாநிரலில் இட்ட அடையாள எண்ணையே நேர்காணல் படியிலும் இடுதல் வேண்டும். கணக்கெடுப்பின்போது பெறும் இசைவுப் படிவத்தில், மீண்டும் வந்து பேசுவதற்கான இசைவும் இடம்பெற வேண்டும். இரண்டாவது விடுபட்டால் பின்னர் ஈடுசெய்வது கடினம். அப்போது முகாம் ஒருங்கிணைப்பாளர் காட்டும் சிலரிடம் நேர்காணல் நடக்கும். அவர்களோ முகாமுக்குச் சென்றவர்களாகவே இருப்பர்.

அட்டவணையும் பத்தியும்

பெட்டர்ஸ், கரி, கிரெஸ்வெல் ஆகியோர் 2013இல் எழுதிய கட்டுரை, இரு தரவுகளையும் அருகருகே வைக்கும் இணைக்காட்சி அட்டவணையைப் பரவலாக்கியது. முதல் பத்தியில் எண், இரண்டாவதில் நேர்காணல் பகுதி, மூன்றாவதில் இரண்டின் உறவு என்பது அதன் எளிய வடிவம். உறவு மூவகைப்படும்: ஒத்திருத்தல், விரிவுபடுத்தல், முரண்படுதல். ஆய்வேடுகளில் முதலிரண்டு பத்திகளும் நிரம்பி, மூன்றாவதில் எல்லா வரிசைக்கும் ‘ஒத்துள்ளது’ என்றே எழுதப்பட்டிருப்பின் ஒருங்கிணைப்பு நடைபெறவில்லை எனக் கொள்ளலாம். மூன்றாம் பத்தியை மூடிவைத்துப் படித்தாலும் வாசகர் எதையும் இழக்கவில்லையெனில் அந்த அட்டவணை அலங்காரமே.

அட்டவணையின் ஒரு வரிசை உரைநடையில் எவ்வாறு விரியும் என்பதற்குக் கீழ்வரும் பத்தி மாதிரி. இதிலுள்ள எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை.

‘முகாமுக்குச் செல்லாத 200 பேருள் 60 பேர் செலவைக் காரணமாகக் குறித்தனர். இவர்களுள் நேர்காணலுக்கு உட்பட்ட 12 பேரும் முகாம் இலவசம் என்பதை அறிந்திருந்தனர். செலவு என அவர்கள் சுட்டியது உடன் வருவோரின் கூலி இழப்பையும் பயணத்தையும். எனவே கணக்கெடுப்பின் செலவு என்னும் வகைப்பாட்டை அறியாமையின் அளவீடாகக் கொள்ள இயலாது. கூலி இழப்பே தடை என்றால், அறுவடைக் காலத்தில் நடக்கும் முகாமில் இக்காரணம் மிகுதல் வேண்டும். கணக்கெடுப்புத் தரவை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது அவ்வாறே இருந்தது.’

இறுதித் தொடர் கருதத்தக்கது. நேர்காணலில் எழுந்த வினா, எண்களுக்கே திரும்பிச் சென்று அங்கு விடை தேடுகிறது. இழையைத் தொடர்தல் என அழைக்கப்படும் உத்தி இதுவே. இதற்குப் புதிய களப்பணி தேவையில்லை. முகாம் நடந்த மாதம் வினாநிரலில் பதிவாகியிருந்தால் போதும்.

முரண் தோன்றும்போது

கண் நல ஆய்வில் முரண் பெரும்பாலும் ‘சமாளிக்கலாம்’ என்ற விடையைச் சுற்றியே எழும். பார்வை அட்டையைக் கொண்டு அளந்தால் ஒருவருக்கு அறுவை தேவை. அவரோ தமக்குக் குறையில்லை என்கிறார். இங்கு ஒரு தரவைச் சரியென்றும் மற்றதைப் பிழையென்றும் கொள்வது எளிது, ஆனால் பயனற்றது. அட்டை, குறித்த தொலைவிலுள்ள எழுத்தையோ குறியையோ அளக்கிறது. அவரோ தம் வீட்டு முற்றத்தையும் மாட்டுத் தொழுவத்தையும் கொண்டு தம் பார்வையை அளக்கிறார். இரண்டும் வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன என்று எழுதி, எந்த வேலை நின்றுபோகும்போது அவர் குறையை ஒப்புக்கொள்கிறார் என்பதை நேர்காணலிலிருந்து காட்டினால் முரண் கண்டுபிடிப்பாகிறது. அதற்கு முன் முரண் மெய்யானதுதானா எனச் சரிபார்த்தல் வேண்டும். வினா மகனிடம் கேட்கப்பட்டு நேர்காணல் தாயிடம் நடந்திருப்பின் அது இரண்டு பேரின் கருத்து வேறுபாடு மட்டுமே.

மற்றொரு தவறும் அடிக்கடி காணப்படுகிறது. மேற்கூறிய 24 பேருள் 9 பேர் அச்சத்தைக் குறிப்பிட்டனர் என்பதை ‘37.5 விழுக்காட்டினர் அஞ்சுகின்றனர்’ என எழுதிக் கணக்கெடுப்பு விழுக்காட்டின் அருகில் வைப்பது அது. அந்த 24 பேரும் குறித்த விடைக்காகவே தெரிவு செய்யப்பட்டவர்கள். அவர்களுக்குள் கண்ட விகிதம் ஊரைக் குறிக்காது. அச்சம் எவ்வெவ்வாறு பேசப்படுகிறது, கண்ணே போய்விடும் என்றா, மயக்க ஊசி குறித்தா, முன்னர் அறுவை செய்துகொண்ட அயலார் ஒருவரின் நிலை கண்டா என்ற வகைகளே அங்கிருந்து பெறத்தக்கவை. அவ்வகைகள் எத்தனை பேரிடம் உள்ளன என்பது அடுத்த கணக்கெடுப்பின் வினாவாக அமையும்.

ஒரு தரவு பேச, மற்றது ஒன்றும் சொல்லாத வரிசைகளும் அட்டவணையில் இருக்கும். உடன் வர ஆளில்லாத கைம்பெண்களைப் பற்றி நேர்காணல்கள் விரிவாகப் பேசலாம். வினாநிரலில் அதற்கொரு கட்டமே இல்லாதிருக்கலாம். அவ்வரிசையை நீக்கிவிடாமல், எண் பத்தியை வெறுமையாக விட்டு, அவ்வினா கேட்கப்படவில்லை என்று அங்கேயே குறித்தல் வேண்டும்.