ஒன்றுக்கு நான்கு என்றால் எத்தனை சதவீதம்?

வீடு கட்டும்போது பூச்சு வேலைக்கு “ஒன்றுக்கு நான்கு” கலவை என்று கொத்தனார் கூறுவார். சிமெண்ட் நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீதம் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். அது சரியன்று. இட்லிக்கு நான்கு படி அரிசியும் ஒரு படி உளுந்தும் போட்டால், மொத்தம் ஐந்து படியல்லவா? உளுந்து ஐந்தில் ஒன்று. அதுபோலவே இங்கும் சிமெண்ட் 20 சதவீதம், மணல் 80 சதவீதம். 25 சதவீதம் என்று கொண்டு கலப்பவர் உண்மையில் ஒன்றுக்கு மூன்று கலவையைச் செய்துவிடுகிறார். பணமும் வீண்; சிமெண்ட் மிகுந்த பூச்சு உலரும்போது சுருங்கி, மயிரிழை போன்ற வெடிப்புகளும் தோன்றும்.

இது உலர் கலவையின் கணக்கு. தண்ணீரையும் சேர்த்தால் விகிதம் மாறும். ஐம்பது கிலோ மூட்டை ஒன்றின் சிமெண்ட் ஏறக்குறைய 35 லிட்டர் இடத்தை அடைக்கும். அதற்கு மணல் நான்கு மடங்கு, 140 லிட்டர். தண்ணீரை மட்டும் எடையால் கணக்கிடுவது வழக்கம். சிமெண்டின் எடையில் 0.6 பங்கு என்றால் 30 கிலோ, அதாவது 30 லிட்டர். (இந்த 0.6 ஐ 35 லிட்டரோடு பெருக்கி 21 லிட்டர் என்பது தவறு.) ஆக மொத்தம் 205 லிட்டர். அதில் சிமெண்ட் 17, மணல் 68, தண்ணீர் 15 சதவீதம்.

கலந்தபின் 205 லிட்டர் சாந்து கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மணலின் இடுக்குகளைச் சிமெண்டும் நீரும் நிரப்பிவிடுவதால் சுமார் 130 முதல் 140 லிட்டரே தேறும். மேற்கண்ட சதவீதங்கள் கலப்பதற்கு முன் அளந்த அளவுகளுக்கு உரியவை.

பெரும் பிழை நேர்வது ஈர மணலில்தான். ஈரம் பட்ட மணல் துகள்கள் விலகி நிற்பதால் மணல் உப்பிக் காணப்படும். சோதிப்பது எளிது. நேரான சுவருள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் 20 சென்டிமீட்டர் உயரத்திற்கு ஈர மணலைத் தளர்வாக இடுங்கள். அதனை வேறொன்றில் கொட்டிவிட்டு, அதே பாத்திரத்தில் பாதியளவு நீர் நிரப்பி, மணலைச் சிறிது சிறிதாகத் திரும்ப இட்டுக் கிளறிப் படியவிடுங்கள். மணல் 16 சென்டிமீட்டரில் நின்றால், அது கால் பங்கு உப்பியிருந்தது என்று பொருள். அத்தகைய மணலில் 140 லிட்டர் அளந்தால் உள்ளே இருப்பது 112 லிட்டர் மணலே. சிமெண்டின் பங்கு உலர் கணக்கில் 20லிருந்து 24 சதவீதமாக ஏறிவிடும். எனவே மூட்டைக்கு 175 லிட்டர் ஈர மணல் இட வேண்டும். 35 லிட்டர் பெட்டியால் அளந்தால் நான்கிற்குப் பதில் ஐந்து பெட்டி. மணலிலேயே ஈரம் இருப்பதால் 30 லிட்டர் நீரையும் முழுமையாக ஊற்றலாகாது. மழைக்கு மறுநாள் வேலை நடந்தால் இச்சோதனையை மீண்டும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். ஆற்று மணலாயினும் எம்-சாண்டாயினும் முறை இதுவே.