ஒரு நகர்த்தலைத் தொலைக்கும் வித்தை

சதுரங்கத்தில் ஒரு நகர்த்தலை வீணாக்கினால் பயிற்சியாளர் முகம் சுளிப்பார். ஆட்டத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் அது நியாயம்தான். எதிராளி ஒரு குதிரையை வெளியே கொண்டுவரும் நேரத்தில் நாம் எதையோ முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தால் பின்தங்கிவிடுவோம். ஆனால் பலகையில் இரண்டு ராஜாக்களும் சில சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டத்தில் கதை மாறுகிறது. அங்கே ஒரே ஒரு நகர்த்தலை வேண்டுமென்றே தொலைக்கத் தெரிந்தவர் வெல்கிறார், தெரியாதவர் டிராவுக்குக் கை கொடுக்கிறார்.

காரணம் ஆட்டத்தின் அடிப்படை விதி. சதுரங்கத்தில் 'பாஸ்' கிடையாது. முறை வந்தால் எதையாவது நகர்த்தியே ஆக வேண்டும், நகர்த்தினால் கெட்டுப்போகும் என்றாலும். நகர்த்த வேண்டிய கட்டாயமே ஒருவரைக் கவிழ்க்கும் இந்த நிலைக்குச் சதுரங்கக்காரர்கள் ஜெர்மன் சொல்லையே வைத்திருக்கிறார்கள்: சுக்ஸ்வாங். எதிராளியை அதில் மாட்டிவிட ராஜா போடும் முக்கோணச் சுற்றுக்குப் பெயர் ட்ரயாங்குலேஷன்.

இதைக் கற்றுக்கொடுக்கப் பலரும் எடுத்துவைக்கும் நிலை, 1912இல் ஹான்ஸ் ஃபார்னியும் சிமியோன் அலாபினும் ஆடிய ஆட்டத்தில் வந்தது. பலகை இருந்தால் அடுக்கிக்கொள்ளுங்கள், ஐந்தே காய்கள். வெள்ளை ராஜா d5, வெள்ளைச் சிப்பாய்கள் a5, c6. கறுப்பு ராஜா c8, கறுப்புச் சிப்பாய் a6. இடப்பக்க ஓரத்தில் a5, a6 சிப்பாய்கள் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன, அவை நகராது. ஆக, கறுப்புக்கு நகர்த்த ராஜா ஒன்றுதான் உண்டு. ஆட வேண்டியது வெள்ளை.

வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அதிகம். ராஜாவும் முன்னேறி நிற்கிறது. நேராக அடித்து வென்றுவிடலாம் என்றுதான் தோன்றும். முதலில் d6க்குப் போய்ப் பார்க்கலாம். கறுப்பு d8க்கு வந்து எதிரில் நிற்கும். இப்போது சிப்பாயை c7க்குத் தள்ளி 'செக்' கொடுத்தால் கறுப்பு c8க்குத் திரும்பும். சிப்பாயைக் காப்பாற்ற வெள்ளை ராஜா c6க்கு வந்தே தீர வேண்டும். வந்தவுடன் கறுப்புக்கு நகர இடமே இல்லை. ராஜாவுக்கு 'செக்'கும் இல்லை. ஸ்டேல்மேட், டிரா! சரி, மறுபக்கம் c5க்குப் போய் a6 சிப்பாயைத் தூக்கலாமா? கறுப்பு ராஜா c7க்கு ஏறி b6 கட்டத்தை மறித்துவிடும். வெள்ளை d5க்குத் திரும்பினால் அதுவும் c8க்குத் திரும்பும். பழைய நிலை, மறுபடி வெள்ளையின் முறை. இப்படியே போய்வந்துகொண்டிருந்தால், ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது என்று சொல்லி எதிராளி டிரா கேட்கலாம்.

இப்போது அதே நிலையில் ஆட வேண்டியது கறுப்பு என்று வைத்துப் பாருங்கள். d8க்கோ b8க்கோ போனால் வெள்ளை ராஜா d6க்கு வரும். கறுப்பு c8க்குத் திரும்பியதும் சிப்பாய் c7க்கு ஏறும், இந்த முறை 'செக்' இல்லாமல். கறுப்பு ராஜா b7க்கு ஒதுங்கித்தான் ஆக வேண்டும். வெள்ளை ராஜா d7க்கு வந்து சிப்பாயை ராணியாக்கிவிடும். கறுப்பு ராஜா c7க்கு ஏறினாலோ வெள்ளை c5க்கு வந்து நிற்கும். கறுப்பு c7ஐ விட்டு விலக வேண்டும். விலகியதும் b6 திறந்துகொள்ளும், a6 சிப்பாய் விழும்.

ஆக, காய்கள் நிற்கும் இடத்தில் எந்தக் குறையும் இல்லை. யாருடைய முறை என்பதுதான் தகராறு. வெள்ளை செய்ய வேண்டியது, இதே நிலையை அப்படியே மறுபடி கொண்டுவந்து, முறையை மட்டும் கறுப்பின் தலையில் கட்டுவது.

ராஜா ஒரு கட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தால் இரண்டு நகர்த்தல். எதிராளியும் அதற்குள் இரண்டு நகர்த்தலில் போய்த் திரும்பிவிடுவார், எதுவும் மாறாது. ஆனால் ராஜா நேராகவும் போகும், குறுக்காகவும் போகும். ஆகவே மூன்று நகர்த்தலில் ஒரு முக்கோணம் போட்டும் கிளம்பிய இடத்துக்கே வரலாம். (குதிரைக்கு இது ஒருபோதும் முடியாது. ஒவ்வொரு தாவலிலும் கட்டத்தின் நிறம் மாறுவதால், கிளம்பிய கட்டத்துக்குத் திரும்ப அதற்கு எப்போதும் இரட்டைப்படை நகர்த்தல்தான்.)

வெள்ளை ராஜா d4க்குப் பின்வாங்குகிறது. கறுப்பு d8க்குப் போகிறது என்று கொள்வோம். வெள்ளை பக்கவாட்டில் c4க்கு நகர்கிறது. கறுப்பு c8க்குத் திரும்புகிறது. வெள்ளை குறுக்காக d5க்கு ஏறுகிறது. முடிந்தது. வெள்ளை மூன்று முறை ஆடியிருக்கிறது, கறுப்பு இரண்டு முறை. பலகையில் அதே பழைய நிலை, ஆட வேண்டியது கறுப்பு.

கறுப்பும் ஏன் ஒரு முக்கோணம் போடக் கூடாது? இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. வெள்ளை ராஜா d5க்கு வரும்போது கறுப்பு c8இல் இருந்தாக வேண்டும், c5க்கு வரும்போது c7இல் இருந்தாக வேண்டும். c4, d4 என்ற இரண்டு கட்டங்களிலிருந்தும் வெள்ளை இந்த இரண்டு பக்கமும் போக முடியும். ஆகவே வெள்ளை அங்கே உலாவும்போது கறுப்பு c7, c8 இரண்டையும் ஒரே எட்டில் தொடக்கூடிய இடத்தில் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் நான்கு: b7, d7, b8, d8. இவற்றில் b7ஐயும் d7ஐயும் c6இல் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் தாக்கிக்கொண்டிருக்கிறது, அங்கே ராஜா கால் வைக்க முடியாது. மீதி இரண்டும் c8இன் இரு பக்கமும் பிரிந்து கிடக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே நகர்த்தலில் தாவ வழியில்லை. வெள்ளைக்கோ c4உம் d4உம் ஒட்டியிருக்கின்றன. d8இலிருந்து c7 வழியாகச் சுற்றி வரப் பார்த்தால் வெள்ளை உடனே c5க்கு வந்துவிடும். வெள்ளை ராஜாவைவிட அந்தக் குட்டிச் சிப்பாய்க்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

வெள்ளை ராஜா இங்கே நின்றால் கறுப்பு ராஜா அங்கே நிற்க வேண்டும் என்ற இந்தக் கணக்குக்குத் தனியாகவே புத்தகம் போட்டவர் ஒரு கலைஞர். கழிப்பறைப் பீங்கானைக் கலைப்பொருளாகக் கண்காட்சிக்கு அனுப்பிய மார்செல் துஷாம்தான் அவர். விட்டாலி ஹல்பர்ஸ்டாட்டுடன் சேர்ந்து 1932இல் அதை வெளியிட்டார்.

பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது முக்கோணத்தைத் தேடும் நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? முட்டி நிற்கும் நிலையில், 'இப்போது அவருடைய முறையாக இருந்தால் நான் ஜெயிப்பேனா?' என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், உங்கள் ராஜாவுக்குப் பின்னால் ஒட்டியபடி இரண்டு காலிக் கட்டங்கள் இருக்கின்றனவா, எதிராளிக்கு அப்படி இல்லாமல் இடம் நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகக் கற்றவர்கள் பெரும்பாலும் தவறுவது பாதி வழியில். d4க்கு வந்தவுடன் அவசரப்பட்டு d5க்கே திரும்பிவிடுவார்கள். கறுப்பு c8க்கு வந்துவிடும். முக்கோணத்தின் மூன்றாவது பக்கத்தை விட்டுவிட்டதால் எண்ணிக்கை மறுபடி இரட்டைப்படை.

எதிராளிக்கு நகர்த்த ஒரு சிப்பாய் மீதம் இருந்தாலும் வித்தை பலிக்காமல் போகலாம். நீங்கள் பாடுபட்டுத் தள்ளிவிட்ட முறையை, அந்தச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி அவர் உங்களிடமே தள்ளிவிடுவார். இதே கணக்கு உங்களுக்கும் உதவும். மேலே சொன்ன நிலையில் வெள்ளையின் ஓரச் சிப்பாய் a5க்குப் பதில் a4இல் நின்றிருந்தால் ராஜா சுற்றவே வேண்டாம். சிப்பாயை a5க்கு ஒரு தட்டுத் தட்டினால் போதும், கறுப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.