21-ம் நாள் சொல்லும் கணக்கு: பொரிப்பான் பெட்டியில் ஒரு டிகிரி கூடினால், குறைந்தால்...

தெர்மாகோல் பெட்டி, பல்பு, சின்ன விசிறி, வெப்பத்தை எண்ணில் காட்டும் ஒரு பலகை. இவ்வளவையும் வைத்து வீட்டிலேயே நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிப்பவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "பலகையில் 37.7 என்றுதான் காட்டுது. ஆனா பாதி முட்டை பொரியவே இல்லையே, ஏன்?"

பலகை காட்டுவது, சென்சார் தொங்கும் இடத்துக் காற்றின் சூடு. கரு வளர்வது முட்டைக்குள் இருக்கும் சூட்டில். இரண்டும் ஒன்றாக இருந்தால் 21-ம் நாள் குஞ்சு வெளியே வரும். ஒரு டிகிரி விலகினாலும் அது பொரிக்கும் நாளிலும் குஞ்சின் உடம்பிலும் தெரிந்துவிடும்.

நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் பக்கத்தில் ஒரு வீட்டில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். 12 பெட்டை, ஒரு சேவல் வைத்திருக்கும் குடும்பம். ஒரு வாரத்தில் சேர்ந்த 40 முட்டைகளைப் பெட்டியில் வைத்தார்கள். 7-ம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்து, கரு கூடாத 6 முட்டைகளை எடுத்துவிட்டார்கள். மீதி 34. வெப்பம் 37.7 டிகிரி செல்சியஸ், விசிறி ஓடுகிறது, நாளுக்கு மூன்று முறை முட்டையைத் திருப்பிவிடுகிறார்கள். 21-ம் நாள் ஓடு கொத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை. 22-ம் நாள் சாயங்காலம் முதல் குஞ்சு வந்தது, கடைசிக் குஞ்சு 24-ம் நாள். மொத்தம் 14 குஞ்சுகள். வந்தவையும் வயிறு உப்பி, மெத்தென்று, காலூன்றி நிற்கத் தெம்பில்லாமல் இருந்தன. மீதி முட்டைகளை உடைத்துப் பார்த்தபோது, பலவற்றில் குஞ்சு முழுதாக வளர்ந்து ஓட்டை உடைக்க முடியாமலே செத்திருந்தது.

இது வெப்பக் குறைவின் அடையாளம். நாள் தள்ளிப்போகும், பொரிப்பு ஒரே நாளில் முடியாமல் இரண்டு மூன்று நாள் இழுக்கும், குஞ்சு பெருத்தும் சோர்ந்தும் இருக்கும். ஆனால் பலகையில் 37.7 என்றுதானே இருந்தது?

கோளாறு பலகையின் இன்னொரு அமைப்பில் இருந்தது. வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது டபிள்யூ 1209 என்ற மலிவான பலகை. அதில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் P0, P1, P2 என்று வரிசையாக வரும். இதில் P1 என்பது, பல்பு அணைந்த பிறகு எத்தனை டிகிரி மாறினால் மறுபடி எரிய வேண்டும் என்று சொல்வது. கடையிலிருந்து வரும்போது அது பெரும்பாலும் 2.0 என்றே இருக்கும். அந்த வீட்டுப் பெட்டியில் பல்பு 37.7-ல் அணைந்தது, 35.7-க்கு இறங்கிய பிறகுதான் மீண்டும் எரிந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோதெல்லாம் 37-க்கு மேலே எண் இருந்ததால் சந்தேகமே வரவில்லை.

முட்டை 50 கிராம் எடையுள்ள ஒரு பொருள். காற்றைப்போலச் சட்டென்று சூடாகவும் செய்யாது, சட்டென்று ஆறவும் செய்யாது. காற்று 35.7-க்கும் 37.7-க்கும் நடுவே ஏறி இறங்கினால், முட்டை அதன் சராசரியில், அதாவது 36.7 அளவில் நின்றுவிடும். அந்த 34 முட்டைகளும் மூன்று வாரமும் தேவையைவிட ஒரு டிகிரி குறைவிலேயே கிடந்தன. திருப்புவதற்காக மூடியை ஐந்து நிமிடம் திறந்தால் கரு செத்துப்போகாததற்கும் இதுதான் காரணம். பலகையில் எண் 33-க்கு இறங்கினாலும் முட்டைக்குள் சூடு அவ்வளவு இறங்கியிருக்காது. அடைக்கோழியே தினமும் கால் மணி நேரம் இரைக்கும் தண்ணீருக்கும் எழுந்து போய்விட்டுத்தான் வருகிறது. மணிக்கணக்கில் ஆறுவதும், நாள்கணக்கில் அரை டிகிரி, ஒரு டிகிரி குறைவாகவே நிற்பதும்தான் கெடுதல்.

அடுத்த முறை நடந்தது இதைவிட மோசம். நாள் தள்ளிப்போனதால் சூடு போதவில்லை என்று சரியாகவே கணித்து, வெப்பத்தை 38.7-க்கு ஏற்றினார்கள். அதோடு நின்றிருந்தால் சராசரி சரியாக வந்திருக்கும். ஆனால் உறவினர் ஒருவர் P1 பற்றிச் சொல்ல, அதையும் 0.2 ஆக்கிவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ததில் முட்டை 38.6-ல் நின்றது. இந்த முறை கரு கூடியவை 35. 19-ம் நாள் ராத்திரியே ஓடு கொத்தும் சத்தம் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். விடிந்து பார்த்தால் குஞ்சுகள் சிறுத்திருந்தன. தொப்புள் மூடாமல் ரத்தக் கறையோடு இருந்தது. சிலவற்றுக்குக் கால் விரிந்து நிற்க முடியவில்லை, சிலவற்றின் மேல் ஓட்டுச் சவ்வு காய்ந்து ஒட்டியிருந்தது. 17 குஞ்சுகள் பொரிந்து, அதில் 4 முதல் வாரத்திலேயே இறந்தன. மஞ்சள் கரு வயிற்றுக்குள் முழுதாக இழுபடுவதற்கு முன்பே குஞ்சு வெளியே வந்துவிடுவதால் தொப்புள் மூடுவதில்லை. திறந்த தொப்புள் வழியாகக் கிருமி நுழைகிறது. 'சீக்கிரம் பொரித்தால் நல்லது' என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குறைவும் அதிகமும் சமமான தப்பு அல்ல. ஒரு டிகிரி குறைந்தால் நாள் தள்ளும், எண்ணிக்கை குறையும். ஒரு டிகிரி கூடினால் ஊனமும் சாவும் வரும். 40 டிகிரியைத் தொட்டுச் சில மணி நேரம் நின்றாலே பெட்டி முழுதும் போய்விடலாம். ஆகவே சந்தேகம் வந்தால் குறைந்த பக்கம் நிற்பதே மேல்.

மூன்றாவது முறை வைப்பதற்கு முன்னால்தான் பலகையையே சோதித்தார்கள். அதற்குத் தேவையானது வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் மட்டும். ஒரு டம்ளரில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, தெர்மாமீட்டர் நுனியையும் சென்சாரையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே விட்டு, கலக்கிக்கொண்டே இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். சென்சார் நீர் புகாததா என்று தெரியாவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொள்ளலாம். காய்ச்சல் தெர்மாமீட்டர் பாரன்ஹீட்டில் காட்டினால் 99.5 என்பது 37.5 செல்சியஸ், 100 என்பது 37.8. இவர்களுக்குத் தெர்மாமீட்டர் 37.8 காட்டியபோது பலகை 37.5 காட்டியது. 0.3 குறைவாகக் காட்டும் பலகை என்றால் பெட்டியில் 0.3 அதிகச் சூடு இருக்கும். P4 என்ற இடத்தில் 0.3 சேர்த்ததும் இரண்டும் ஒன்றாயின. இந்த வேலைகளைச் செய்யும்போது பல்புக்குப் போகும் 230 வோல்ட் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். அந்த மலிவான பலகைகளில் மின்முனைகள் மூடியில்லாமலே இருக்கும்.

பிறகு 37.7, P1 0.2. சென்சாரைப் பல்புக்கு எதிரே தொங்கவிடாமல், முட்டைகளின் மேல்மட்டத்தில், நேரடி வெளிச்சம் படாமல் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு சின்ன மருந்துப் புட்டியில் தண்ணீர் ஊற்றி, அதில் வாரம் ஒருமுறை காய்ச்சல் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார்கள். அந்தத் தண்ணீர் முட்டையைப்போலவே மெதுவாகச் சூடேறி ஆறுவதால், முட்டையின் சூட்டுக்கு அது நல்ல சாட்சி. அந்த முறை கரு கூடிய 33 முட்டைகளில் 27 குஞ்சுகள். 20-ம் நாள் இரவு ஓடு கொத்த ஆரம்பித்து, 21-ம் நாள் இரவுக்குள் எல்லாம் முடிந்தது.

இந்த 37.7 கணக்கு விசிறி உள்ள பெட்டிக்கு மட்டுமே. இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதால் வரும் நஷ்டம் கொஞ்சமல்ல. விசிறி இல்லாத பெட்டியில் சூடு மேலே தேங்கும், அடியில் குறையும். அங்கே முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை இருந்தால்தான் முட்டையின் நடுவில் போதிய சூடு இருக்கும். அதே எண்ணை விசிறிப் பெட்டியில் வைத்தால் இரண்டாவது முறை நடந்ததுதான் நடக்கும்.

இரண்டாவது வாரத்துக்குப் பிறகு கருவே சூடு விட ஆரம்பிக்கிறது. கடைசி வாரத்தில் முட்டை ஓட்டைத் தொட்டால் பெட்டிக் காற்றைவிடச் சூடாகத் தெரிவதும் உண்டு. பெட்டி நிறைய முட்டை இருந்தால், திருப்புவதை நிறுத்தும் 18-ம் நாளிலிருந்து 37.2 அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். கரண்ட் போகும்போதும் இதை மறக்கக் கூடாது. முதல் பத்து நாள் என்றால் காற்றுத் துளைகளை அடைத்து, பெட்டியைப் போர்வையால் மூடி, வெந்நீர் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம். கடைசி வாரத்தில் அப்படி இறுக மூடினால் உள்ளே சூடும் கெட்ட காற்றும் சேர்ந்து குஞ்சு மூச்சுமுட்டிச் சாகும். துளைகளைத் திறந்தே விட்டுப் போர்வை மட்டும் போர்த்தினால் போதும். மூன்று நான்கு மணி நேரம் கரண்ட் இல்லை என்பதற்காக முட்டைகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நாலைந்து நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

கோடையில் இன்னொரு சங்கடம் உண்டு. இந்தப் பலகை பல்பை அணைக்குமே தவிர, பெட்டியைக் குளிரவைக்காது. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 40 டிகிரி வந்தால், பல்பு அணைந்திருந்தாலும் பெட்டிக்குள் 40 தான். அப்படிப்பட்ட அறையில் அந்த மாதங்களில் முட்டை வைக்காமல் இருப்பதே லாபம். ஓட்டு வீட்டின் உள்ளறை 35-க்குள் நின்றால் வைக்கலாம். வைப்பதற்குச் சேர்த்துவரும் முட்டைக்கும் இதே ஆபத்துதான். 35 டிகிரியில் கிடக்கும் முட்டையில் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து, பெட்டிக்குப் போகும் முன்பே சாகும். டார்ச் வெளிச்சத்தில் அது ரத்த வளையமாகத் தெரியும். ஈர மணல்மேல் வைத்த மண்பானையில், துணி மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் சேர்த்துவைத்து, கோடையில் ஐந்து நாளுக்குள் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

பெட்டியின் மூடியில் முட்டை வைத்த தேதி, நேரம், 7-ம் நாள் எடுத்த எண்ணிக்கை, முதல் குஞ்சும் கடைசிக் குஞ்சும் வந்த நேரம் ஆகியவற்றைப் பேனாவால் எழுதிவைத்தால், அடுத்த முறை எண்ணை எந்தப் பக்கம் மாற்றுவது என்று அதைப் பார்த்தே முடிவு செய்யலாம். ஒரு முறைக்கு 0.3 டிகிரிக்கு மேல் மாற்ற வேண்டாம், ஒரே நேரத்தில் இரண்டு அமைப்புகளையும் மாற்ற வேண்டாம்.