உங்கள் எஸ்.ஐ.பி. உண்மையில் எத்தனை சதவீதம் தந்தது?

மாதம் 5,000 ரூபாய் வீதம் மியூச்சுவல் ஃபண்டில் ஓர் ஆண்டு போட்டு வந்தவரின் கணக்கில், போட்ட தொகை 75,000, இன்றைய மதிப்பு 79,500 என்று இருக்கிறது. லாபம் 4,500. போட்ட பணத்தில் இது 6 சதவீதம். “இதற்கு வங்கியிலேயே போட்டிருக்கலாமே” என்று அவர் சலித்துக்கொண்டால் அது இயல்புதான். ஆனால் அதே கணக்கைச் செயலியில் திறந்தால் ஆண்டு வருமானம் 11.42 சதவீதம் என்று காட்டுகிறது. இரண்டு எண்களும் சரியானவையே. இவை எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொண்டால், எந்த எஸ்.ஐ.பி. கணக்கையும் நாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

75,000 ரூபாயும் முதல் நாளே உள்ளே போய்விடவில்லை. முதல் தவணை ஓர் ஆண்டுக்கு மேல் ஃபண்டில் இருந்திருக்கிறது. கடைசித் தவணை இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. 6 சதவீதம் என்ற எண் எல்லா ரூபாயையும் ஒரே தட்டில் வைக்கிறது, நாள்களைப் பார்ப்பதே இல்லை. நாள்களையும் சேர்த்துக்கொண்டு ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று சொல்வதுதான் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்ற கணக்கு.

தேதி ஏன் முக்கியம்? எஸ்.ஐ.பி. என்றால் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதி என்று நினைக்கிறோம். நடைமுறை அப்படி இல்லை. 5ஆம் தேதி சனி, ஞாயிறு அல்லது சந்தை விடுமுறையாக இருந்தால் யூனிட் அடுத்த வேலை நாளில்தான் கிடைக்கும். 2021 பிப்ரவரி முதல், பணம் ஃபண்ட் நிறுவனத்தின் கைக்கு வந்து சேரும் நாளின் என்.ஏ.வி.தான் பொருந்தும் என்ற விதியும் இருக்கிறது. வங்கிக் கணக்கில் இருப்பு இல்லாத மாதம் தவணையே திரும்பிவிடும். போனஸ் வந்த மாதம் சிலர் கூடுதலாகப் போடுவார்கள். ஆகவே உண்மையான எஸ்.ஐ.பி. கணக்கில் இடைவெளிகள் சமமாக இருப்பது அரிது.

எக்ஸெலில் ஐ.ஆர்.ஆர். என்றொரு பழைய வாய்ப்பாடும் இருக்கிறது. அது தேதியைக் கேட்காது, எல்லா இடைவெளியும் சமம் என்று எடுத்துக்கொள்ளும். விட்டுப்போன மாதமும் இடையில் போட்ட போனஸும் உள்ள கணக்குக்கு அது ஒத்துவராது. எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். ஒவ்வொரு தொகைக்கும் அதன் தேதியைக் கேட்டு, நாள்களை எண்ணி, 365ஆல் வகுத்துக்கொள்கிறது.

நாம் பார்த்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஃபண்டும் தொகைகளும் விளக்கத்துக்காக அமைத்தவை. நாள்காட்டி மட்டும் உண்மையானது. தவணைத் தேதி 5. 2024 மே 5 ஞாயிறு என்பதால் 6ஆம் தேதிக்குப் போனது. அக்டோபர் 5 சனி, அதனால் 7ஆம் தேதி. 2025 ஜனவரி 5 மறுபடி ஞாயிறு, அதனால் 6. ஆகஸ்டில் இருப்பு இல்லாமல் தவணை திரும்பிவிட்டது. டிசம்பர் 18 அன்று போனஸ் பணம் 20,000 சேர்ந்தது. மார்ச்சோடு தவணைகள் முடிந்தன. 2025 ஏப்ரல் 30 அன்று மதிப்பு 79,500.

எக்ஸெலிலோ கூகுள் ஷீட்ஸிலோ முதல் பத்தியில் தேதி, இரண்டாம் பத்தியில் தொகை. முதல் வரி தலைப்புக்கு, இரண்டாம் வரியிலிருந்து கணக்கு:

```
05-Apr-2024    -5000
06-May-2024    -5000
05-Jun-2024    -5000
05-Jul-2024    -5000
05-Sep-2024    -5000
07-Oct-2024    -5000
05-Nov-2024    -5000
05-Dec-2024    -5000
18-Dec-2024    -20000
06-Jan-2025    -5000
05-Feb-2025    -5000
05-Mar-2025    -5000
30-Apr-2025    79500
```

நம் கையிலிருந்து போனதற்குக் கழித்தல் குறி, நம் கைக்கு வருவதற்குக் குறி வேண்டாம். ஃபண்டை இன்னும் விற்கவில்லை என்றாலும், இன்று விற்றால் எவ்வளவு வரும் என்பதைக் கடைசி வரியாக எழுத வேண்டும். பிறகு ஒரு காலிக் கட்டத்தில்:

```
=XIRR(B2:B14, A2:A14)
```

கட்டத்தைச் சதவீத வடிவத்துக்கு மாற்றினால் 11.42% என்று வரும்.

உள்ளே நடப்பதில் மர்மம் ஏதும் இல்லை. “ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூட்டு வட்டி தரும் கணக்கில் இதே தொகைகளை இதே தேதிகளில் போட்டிருந்தால் ஏப்ரல் 30 அன்று சரியாக 79,500 ஆகியிருக்கும்?” என்பதுதான் கேள்வி. முதல் தவணைக்கு 390 நாள் வட்டி, இரண்டாவதற்கு 359 நாள், கடைசித் தவணைக்கு 56 நாள். இதற்கு நேரடியாக விடை எடுக்கும் சூத்திரம் கிடையாது. கணினி ஒரு விகிதத்தை ஊகித்துப் போட்டுப் பார்க்கிறது. 10 சதவீதம் என்று வைத்தால் 78,948 வருகிறது, போதவில்லை. 12 என்று வைத்தால் 79,700ஐத் தாண்டிவிடுகிறது. ஏற்றி இறக்கி, 11.42இல் வந்து நிற்கிறது.

கணினி சொன்னதைக் காகிதத்திலும் சோதிக்கலாம். ஒவ்வொரு தொகையையும் அது ஃபண்டில் இருந்த நாள்களால் பெருக்கிக் கூட்டுங்கள். அதை மொத்த முதலீடான 75,000ஆல் வகுத்தால் 195 வருகிறது. அதாவது ஒரு ரூபாய் சராசரியாக ஃபண்டில் இருந்தது 195 நாள்தான், அரை ஆண்டுக்குச் சற்று அதிகம். 195 நாளில் 6 சதவீதம் என்றால் 365 நாளுக்கு ஏறக்குறைய 11.2. கூட்டு வட்டியைக் கணக்கில் எடுக்காததால் சிறு வித்தியாசம் இருக்கும். காகிதக் கணக்கு 11 என்றும் கணினி 25 என்றும் சொன்னால், தாளில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள்.

பிழைகள் பெரும்பாலும் தேதியில்தான் நுழைகின்றன. கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 05/04/2024 என்பதை அது ஏப்ரல் 5 என்று படிக்காது; மே 4 என்று படிக்கும். நம் கணக்கின் ஜூன், ஜூலை, செப்டம்பர், நவம்பர், டிசம்பர் மாதங்களின் 5ஆம் தேதித் தவணைகளும் அப்படியே 2024 மே மாதத்தில் போய்க் குவியும். எச்சரிக்கை எதுவும் வராது. 18/12/2024 போன்ற தேதியில் மட்டும் குட்டு வெளிப்படும். பதினெட்டாவது மாதம் கிடையாதே, அதனால் அது வெறும் எழுத்தாக நின்று `#VALUE!` என்ற பிழையைக் காட்டும். அந்த ஒரு கட்டத்தை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்தால் மற்ற தவறுகள் அப்படியே தங்கிவிடும். மேலே உள்ளதுபோல் மாதத்தின் பெயரை எழுத்தில் இட்டால் இந்தத் தொல்லை இல்லை.

`#NUM!` என்று வந்தால் முதலில் குறிகளைப் பாருங்கள். கழித்தல், கூட்டல் இரண்டு வகைத் தொகையும் இல்லாமல் கணக்கு நடக்காது. எக்ஸெலில் பட்டியலின் முதல் தேதியை விடப் பழைய தேதி கீழே எங்காவது இருந்தாலும் இதே பிழை வரும். இன்னொன்று, பெரிய நஷ்டத்தில் இருக்கும் கணக்கில் எக்ஸெல் சில சமயம் 2.98023E-09 என்று, அதாவது கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று காட்டும். அது விடை அல்ல, தேடல் வழிதவறிப்போனதன் அடையாளம். வாய்ப்பாட்டின் மூன்றாவது இடத்தில் -0.1 என்று ஒரு தொடக்க ஊகத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எதை எழுதுவது, எதை விடுவது என்பதற்கு ஒரே அளவுகோல், பணம் நம் கையை விட்டுப் போனதா, கைக்கு வந்ததா என்பதே. ஆகஸ்ட் தவணை திரும்பிவிட்டதால் அதற்கு வரியே கிடையாது. 2020 ஜூலை முதல் ஒவ்வொரு வாங்கலிலும் 0.005 சதவீதம் முத்திரைத் தீர்வை போகிறது; 5,000 ரூபாய்க்கு அது 25 காசு. ஆனாலும் நம் கையிலிருந்து போனது 5,000 என்பதால் அதையே எழுத வேண்டும். இடையில் பங்காதாயம் வங்கிக்கு வந்திருந்தால் வந்த தேதியில் கூட்டல் தொகை. அதே ஃபண்டில் மறுமுதலீடு ஆகியிருந்தால் எழுத வேண்டாம். கூடிய யூனிட்கள் கடைசி மதிப்பிலேயே இருக்கின்றன. தேதிகளுக்கும் தொகைகளுக்கும் நினைவை நம்பாமல், கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் தளத்தில் கேட்டால் மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைப் பாருங்கள்.

வந்த எண்ணை எப்படிப் படிப்பது? 11.42 சதவீதம் என்பதால் 75,000க்கு 8,565 ரூபாய் லாபம் வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கையில் இருக்கும் லாபம் 4,500தான். அந்தப் பணம் உழைத்த வேகம்தான் 11.42.

குறுகிய காலக் கணக்கில் இந்த வேகம் ஏமாற்றும். மார்ச் 5 அன்று 5,000 போட்டு, ஏப்ரல் 30 அன்று அது 5,200 ஆகியிருந்தால் 56 நாளில் 4 சதவீதம். எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். இதையே ஆண்டுக்கு 29 சதவீதம் என்று சொல்லும், அதே ஓட்டம் ஆண்டு முழுவதும் தொடரும் என்ற அனுமானத்தில். சந்தை அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. ஓர் ஆண்டு நிறையாத எஸ்.ஐ.பி.க்கு வெறும் லாபச் சதவீதமே நேர்மையான எண். நம் கணக்கிலும் சராசரி ரூபாய் 195 நாளே இருந்திருப்பதால், 11.42ஐ ஃபண்டின் தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஃபண்ட் நிறுவனம் விளம்பரத்தில் தரும் ஓராண்டு வருமானத்தோடு இதை ஒப்பிடுவதும் தவறு. அது ஆண்டின் தொடக்கத்தில் மொத்தமாகப் போட்டவரின் கணக்கு. சரியான ஒப்பீடு வேண்டுமானால், உங்கள் தேதிகளில் அதே தொகைகளை ஒரு குறியீட்டு ஃபண்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். ஒவ்வொரு தொகையையும் அந்த நாளின் அதன் என்.ஏ.வி.யால் வகுத்து யூனிட்களைக் கூட்டி, கடைசி நாள் என்.ஏ.வி.யால் பெருக்குங்கள். அந்தத் தொகையை 79,500 இருந்த கட்டத்தில் இட்டால் குறியீட்டு ஃபண்டின் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். கிடைத்துவிடும். நான்கைந்து ஆண்டு ஓடிய எஸ்.ஐ.பி. இந்த எண்ணைத் தாண்டவில்லை என்றால், ஃபண்டை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் செயலி காட்டும் சதவீதம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.