ஸ்டேட்டஸில் போடும் விலை: ரீசெல்லர் குழுவுக்கு அறிவிப்பு எழுதும் முறை

வாட்ஸ்ஆப் குழு வழியாகச் சேலை விற்கும் ரீசெல்லர்களுக்குள் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை ஒரே புகாரில்தான் தொடங்குகின்றன: "நான் 950க்குப் போட்ட சேலையை அவங்க குறைச்சுப் போட்டிருக்காங்க." மொத்த வியாபாரி எல்லோருக்கும் ஒரே படத்தை அனுப்புகிறார். ஒரே ஊரில், ஒரே உறவு வட்டத்தில் பலர் அதை ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். வாடிக்கையாளர் இரண்டையும் பார்த்துவிட்டுக் குறைந்த விலைக்காரரிடம் போகிறார். "யாரும் விலையைக் குறைக்காதீர்கள்" என்று குழுவில் எழுதிவிடுவதால் இது தீராது. குறைப்பது எது என்பதே அங்கு தெளிவாக இல்லை.

ஒரு சேலையின் ரீசெல்லர் விலை 750 ரூபாய், கூரியர் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் "950, கூரியர் தனி" என்று போடுகிறார். அவருடைய வாடிக்கையாளர் 1,010 ரூபாய் கொடுக்கிறார். இன்னொருவர் "950, கூரியர் இலவசம்" என்கிறார். மூன்றாமவர் 950உடன் கூரியர் வாங்கிக்கொண்டு, ஃபால் இலவசமாக அடித்துத் தருகிறார். மூவரும் 950 என்றே போட்டிருப்பதால் விதியை மீறவில்லை என்று மூவருமே வாதாடலாம். ஆகவே விதியில் இருக்க வேண்டியது சேலையின் விலை அல்ல, கூரியர் உட்பட வாடிக்கையாளர் கொடுத்து முடிக்கும் தொகை. இலவசங்களும் அதற்குள் அடங்க வேண்டும்.

அடுத்த கேள்வி, எந்த விலையைக் கட்டுப்படுத்துவது என்பது. பொதுவில் போடும் விலையை மட்டும் வரையறுத்து, தனிப்பேச்சில் குறைத்துக் கொடுக்கும் உரிமையை ரீசெல்லருக்கே விடுவது நல்லது. சண்டையைக் கிளப்புவது எல்லோர் கண்ணிலும் படும் விலைதான். சட்டமும் இதில் ஒரு காரணம். பொருளை வாங்கி விற்பவரிடம் "இதற்குக் கீழே விற்கவே கூடாது" என்று கட்டாயப்படுத்துவது, போட்டியைக் கணிசமாகப் பாதிக்குமானால், 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின்படி தவறாகும். டீலர்கள் தரும் தள்ளுபடிக்கு உச்சவரம்பு வைத்ததற்காக மாருதி சுசூகி நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2021இல் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஒரு சிறிய சேலைக் குழுவை அதோடு ஒப்பிட முடியாது என்றாலும், குறைத்து விற்கலாம் என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிடுவது பாதுகாப்பு. போட்டியாளர்களான ரீசெல்லர்களே தங்களுக்குள் கூடிப் பேசி விலை வைப்பதைச் சட்டம் இன்னும் கடுமையாகப் பார்க்கிறது. அதனால் குழுவில் வாக்கெடுப்பு நடத்தாமல், மொத்த வியாபாரி தன் பொறுப்பில் அறிவிப்பை வெளியிட வேண்டும்.

தள்ளுபடி நாட்களில் இரண்டு இடங்களில் சிக்கல் வருகிறது. முதலாவது, தள்ளுபடியை யார் சுமப்பது என்பது. மேலே சொன்ன சேலைக்கு 100 ரூபாய் குறைத்து 910 என்று அறிவித்து, ரீசெல்லர் விலையை 750ஆகவே வைத்தால், விற்பவரின் 200 ரூபாய் லாபம் பாதியாகிறது. அந்த நாட்களில் ரீசெல்லர் விலையை 700 ஆக்கினால் சுமை இரு பக்கமும் ஐம்பது ஐம்பதாகப் பிரிகிறது. இரண்டாவது சிக்கல் நேரம். ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் இருக்கும். ஞாயிறு மாலை 3 மணிக்குப் போட்ட தள்ளுபடிப் படம், இரவு 9 மணிக்குத் தள்ளுபடி முடிந்த பிறகும் திங்கள் மாலைவரை தெரியும். வேண்டுமென்றே விலை குறைத்ததாக வரும் புகார்களில் சில இப்படிப்பட்ட பழைய படங்களால்தான் எழுகின்றன.

இவற்றையெல்லாம் சேர்த்து எழுதினால் அறிவிப்பு இப்படி அமையும்:

"சேலை எண் 214. ரீசெல்லர் விலை 750. பொதுவில் போடும் குறைந்தபட்ச விலை, தமிழ்நாட்டுக்குள் கூரியர் உட்பட 1,010. ஃபால், பரிசு போன்ற இலவசங்களைப் பொதுவில் அறிவிக்க வேண்டாம். தனியே கேட்பவருக்குக் குறைத்துக் கொடுப்பது உங்கள் விருப்பம். எங்கள் கடைப் பக்கத்திலும் இதே விலைதான்.

ஆடித் தள்ளுபடி: வெள்ளி காலை 9 முதல் ஞாயிறு இரவு 9 வரை 910, அப்போது ரீசெல்லர் விலை 700. முடியும் நேரத்தைப் படத்திலேயே எழுதுங்கள். நேரம் முடிந்ததும் ஸ்டேட்டஸை நீக்குங்கள்.

புகார் இருந்தால் நேரம் தெரியும் ஸ்க்ரீன்ஷாட்டை அட்மினுக்குத் தனியே அனுப்புங்கள். திருத்த இரண்டு மணி நேரம் தரப்படும். மறுபடியும் நடந்தால் ஒரு வாரம் புதிய டிசைன்கள் வராது."

இதில் எளிதில் விட்டுப்போவது கடைப் பக்கம் பற்றிய வரி. மொத்த வியாபாரியே தன் இன்ஸ்டாகிராமில் அதே சேலையை 800க்கு விற்றால், ரீசெல்லர்கள் விதியை மதிக்க மாட்டார்கள். மதிக்கச் சொல்வதும் நியாயமில்லை. புகாரைத் தனியே பெறுவதும் முக்கியம். குழுவில் ஒருவரின் ஸ்க்ரீன்ஷாட் விழுந்துவிட்டால், அவர் செய்தது பிழையா மீறலா என்று விசாரிப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்.

வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தியை அதிகபட்சம் 30 நாட்களுக்கே பின் செய்து வைக்க முடியும். எனவே மாறாத விதிகளைக் குழுவின் விவரப் பகுதியில் எழுதிவிட்டு, சேலைக்குச் சேலை மாறும் விலைகளை மட்டும் செய்தியாக அனுப்ப வேண்டும்.