24 கன மீட்டருக்கு எத்தனை க்யூப்?

வீட்டுத் தளத்துக்கு இன்று 24 கன மீட்டர் கான்கிரீட் போடுகிறார்கள். ஐ.எஸ். 456 விதிப்படி, 16 முதல் 30 கன மீட்டர் வரை குறைந்தது மூன்று மாதிரிகள் எடுக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு மூன்று க்யூப். ஆக, 28ஆம் நாள் சோதனைக்கு ஒன்பது. ஏழாம் நாளே வலிமையின் போக்கு தெரிய வேண்டுமென்றால் இன்னொரு ஒன்பது. மொத்தம் 18.

மாதிரிகளை வெவ்வேறு கலவைகளிலிருந்து, நாள் முழுவதும் பரவலாக எடுக்க வேண்டும். ஒரே கலவையில் 18-ஐயும் நிரப்பினால் அது ஒரே மாதிரிதான். மற்ற கலவையில் தண்ணீர் கூடியிருந்தாலும் தெரியாது.

அச்சுகள் 18 போதுமா? வார்த்து 24 மணி நேரம் கழித்தே க்யூபைக் கழற்றுவார்கள். நாளைக் காலையும் இதே அளவு கான்கிரீட் என்றால், 36 அச்சுகள் வேண்டும்.