கடைசி பில்லை எடுங்கள் சார்

"பில்லை எப்படிப் பாஸ் செய்கிறீர்கள்?" என்று கணக்குத் துறைத் தலைவரிடம் கேட்டால், விதியில் இருப்பதையே சொல்வார். "கடைசியாகச் சிக்கல் வந்த பில்லை எடுங்கள் சார்" என்று கேளுங்கள். ஆர்டர் 100 மூட்டை, பில்லும் 100-க்கு. ஸ்டோர்ஸில் இறங்கியதோ 96. "போன் போட்டுக் கேட்டு, 96-க்கு மட்டும் பணம் கொடுப்போம்" என்பார். அந்த போன்தான் எந்த ஆவணத்திலும் இல்லாத படி.

"அளவு சரிபார்க்கப்படும்" என்று எழுதினால், யார் பார்ப்பது என்பதே தொலைந்துவிடும். இப்படி எழுதலாம்: "பில் அளவு சரக்கு வரவுச்சீட்டை விடக் கூடுதலானால், கணக்கர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரைக் கேட்டு, வந்த அளவுக்கு மட்டும் பணம் அனுப்புவார்."

இதை ஸ்டோர்ஸ் தலைவரிடமும் காட்டுங்கள். மீதி 4 மூட்டை பின்னால் வரும் என்று அவர் காத்திருக்கலாம். பதில்கள் மோதினால் நாமே தீர்ப்புச் சொல்லாமல், இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து முடிவை வாங்கி, கையெழுத்தும் பெற வேண்டும்.